கணினியிடம் "நான் கீபோர்டு" என்று சொல்லும் 35 பைட்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன சிப்பைப் பத்தி. அதோட பேரு ஏடிடைனி85. எட்டு கால், 8 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ராம். இதுக்குள்ள யுஎஸ்பி ஹார்டுவேர் எதுவும் கிடையாது. ஆனா சரியான ப்ரோகிராமைப் போட்டு லேப்டாப்புல சொருகினா, லேப்டாப் அதை ஒரு கீபோர்டுனு நம்பிடும். 2012-ல கிக்ஸ்டார்ட்டர்ல வந்த டிஜிஸ்பார்க் போர்டு இந்தச் சிப்பை வச்சுதான் பிரபலமாச்சு. அந்த நம்பிக்கை எப்படி உருவாச்சு, யார் எதுக்காக அப்படி வடிவமைச்சாங்கங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

முதல்ல ஒரு விஷயம். "மைக்ரோகண்ட்ரோலர் கீபோர்டு மாதிரி நடிக்குது"னு நாம சொல்றோம். ஆனா பிசி கீபோர்டுக்குள்ள ஆரம்பத்துலேர்ந்தே மைக்ரோகண்ட்ரோலர்தான் இருந்திருக்கு. 1981-ல வந்த ஐபிஎம் பிசியோட கீபோர்டுலயே இன்டெல் 8048 சிப் உட்கார்ந்திருந்தது. பட்டன்களை வரிசையா ஸ்கேன் பண்ணி, எது அழுந்துச்சோ அதோட எண்ணை அனுப்புறது அதோட வேலை. பிறகு வந்த பிஎஸ்/2 வரைக்கும் இதே கதைதான். அந்தக் காலத்துல கணினி "நீ யாரு?"னு கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கீபோர்டு சாக்கெட்டுல வந்து உட்கார்றது கீபோர்டுதான்.

1996 ஜனவரியில யுஎஸ்பி 1.0 வந்ததும் இந்த வசதி போயிடுச்சு. பிரிண்டர், மவுஸ், கீபோர்டு எல்லாத்துக்கும் ஒரே சாக்கெட். அப்போ சாக்கெட்டோட வடிவத்தை வச்சு எதையும் கண்டுபிடிக்க முடியாது; பொருளே தன்னை அறிமுகப்படுத்திக்கணும். அந்த அறிமுகப் படலத்துக்குப் பேருதான் எனுமரேஷன். 1998-ல ஆப்பிள் தன்னோட பழைய கீபோர்டு போர்ட்டைத் தூக்கிட்டு, ஐமேக்கை யுஎஸ்பியோட மட்டும் வித்தப்போ, இந்த அறிமுகம் ஒழுங்கா நடக்கலைன்னா டைப் பண்ணவே முடியாதுங்கிற நிலைமை வந்துடுச்சு.

சரி, சொருகின உடனே என்ன நடக்குது? வயர்ல டேட்டாவுக்கு ரெண்டு கம்பி: டி பிளஸ், டி மைனஸ். கணினி பக்கம் ரெண்டையும் 15 கிலோ ஓம் ரெசிஸ்டரால பூஜ்யத்துக்கு இழுத்து வச்சிருக்கும். நம்ம சிப் பக்கம் டி மைனஸை ஒரு 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரால மேல இழுக்கும். அந்த ஒத்தை ரெசிஸ்டர்தான் முதல் வணக்கம். டி மைனஸ் மேல போனா, "மெதுவான ஆள் வந்திருக்கார், வினாடிக்கு 15 லட்சம் பிட்"னு அர்த்தம். டி பிளஸ் மேல போயிருந்தா அதைவிட எட்டு மடங்கு வேகமான ஆள்.

அடுத்து கணினி ரெண்டு கம்பியையும் குறைஞ்சது 10 மில்லிசெகண்ட் கீழ பிடிச்சு வைக்கும். இது ரீசெட். இப்போ சிப்போட முகவரி பூஜ்யம். கணினி எட்டு பைட்ல ஒரு கேள்வி அனுப்பும்:

```
80 06 00 01 00 00 40 00
```

"உன்னோட டிவைஸ் டிஸ்கிரிப்டரைக் கொடு, 64 பைட் வரைக்கும் வாங்கிக்கிறேன்"னு அர்த்தம். அந்த டிஸ்கிரிப்டர் உண்மையில 18 பைட்தான். அதோட எட்டாவது பைட், ஒரு தடவைக்கு எத்தனை பைட் அனுப்ப முடியும்னு சொல்லும். மெதுவான ஆளுக்கு அது எப்பவும் 8. மீதியை நிதானமா வாங்கிக்கலாம்.

அப்புறம் கணினி "இனி உன் முகவரி 7"னு ஏதோ ஒரு எண் கொடுக்கும். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. "சரி"ங்கிற பதிலைச் சிப் பழைய முகவரியான பூஜ்யத்துலேர்ந்துதான் சொல்லணும், அதுக்கப்புறம்தான் 7-க்கு மாறணும். கட்டளை வந்த உடனே மாறிட்டா, அந்தப் பதிலைக் கணினி கேட்காமலே போயிடும். லினக்ஸ்ல `dmesg` அடிச்சா `device not accepting address 7, error -71`னு வர்றதுக்கு இது ஒரு காரணம். அதுக்கு முன்னாடியே, `device descriptor read/64, error -71`னு வந்தா, பெரும்பாலும் பிரச்சனை கம்பியிலயோ டைமிங்லயோதான்.

டைமிங்தான் ஏடிடைனியோட உண்மையான சோதனை. சிப் ஓடுறது 16.5 மெகாஹெர்ட்ஸ்ல. ஒரு பிட் நேரத்துல கிடைக்கிறது 11 கிளாக் சைக்கிள் மட்டுமே. அதுக்குள்ள கம்பியைப் படிச்சு, முந்தைய நிலையோட ஒப்பிட்டு, இடைச்செருகலா வர்ற பிட்களைக் கழிச்சு, சேமிச்சு வைக்கணும். ஹார்டுவேர் செய்யவேண்டிய இந்த வேலையை வெறும் அசெம்பிளி கோடுல செய்ய முடியும்னு முதல்ல காட்டினவங்கள்ல ஒருத்தர் ஸ்லோவாக்கியாக்காரரான இகோர் செஷ்கோ. பிறகு வியன்னாவுல இருக்கிற ஆப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் அதே யோசனையை வி-யுஎஸ்பினு எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய லைப்ரரியா கொடுத்தாங்க. டிஜிஸ்பார்க் அதுமேலதான் நிக்குது. கிறிஸ்டல்கூட இல்லாம, கணினி மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அனுப்புற சிக்னலை அளந்து, தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கும். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கேட்கவே கொஞ்சம் அடாவடியா இருக்கும்.

முகவரி கிடைச்சப்புறம் கணினி கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரைக் கேட்கும். சாதாரணக் கீபோர்டுக்கு அது 34 பைட். அதுல முக்கியமான எண் 03. "நான் மனுஷங்க கையால பயன்படுத்துற சாதனம்", அதாவது ஹெச்ஐடி வகைங்கிற அறிவிப்பு. ஆனா மவுஸும் 03, ஜாய்ஸ்டிக்கும் 03. அப்போ கீபோர்டுன்னு எப்படித் தெரியும்?

ஹெச்ஐடியை வடிவமைச்சவங்க இங்க ஒரு துணிச்சலான முடிவு எடுத்தாங்க. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான பாக்கெட் வடிவத்தை அவங்க திணிக்கலை. "உன் பாக்கெட்டை எப்படிப் படிக்கணும்னு நீயே எழுதிக் கொடு"னு சொல்லிட்டாங்க. அந்த எழுத்துதான் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டர். வி-யுஎஸ்பி உலகத்துல புழங்குற ஒரு சின்னக் கீபோர்டோட டிஸ்கிரிப்டர் முழுசா இவ்வளவுதான்:

```
05 01 09 06 A1 01
05 07 19 E0 29 E7 15 00 25 01
75 01 95 08 81 02
95 01 75 08 25 65 19 00 29 65
81 00 C0
```

பாக்குறதுக்கு மந்திரம் மாதிரி இருக்கும், ஆனா வரிவரியா படிச்சா வாக்கியம்தான். முதல் வரி: "மேசைக் கருவிகள் அகராதியைத் திற, அதுல நான் 06, கீபோர்டு. இங்கேர்ந்து ஆரம்பம்." ரெண்டாவது: "இப்போ பட்டன்கள் அகராதி. E0-லேர்ந்து E7 வரைக்கும், மதிப்பு 0 அல்லது 1." அந்த எட்டும் கண்ட்ரோல், ஷிஃப்ட் வகையறா. மூணாவது: "ஒவ்வொண்ணும் ஒரு பிட், மொத்தம் எட்டு, உள்ளே வர்ற தகவல்." முதல் பைட் முடிஞ்சுது. நாலாவது: "அடுத்து ஒரே ஒரு எட்டு பிட் எண், அதிகபட்சம் 65." இது ஹெக்ஸ், அதாவது 101. கடைசி வரி: "இதுவும் உள்ளே வர்ற தகவல், ஆனா இது பட்டனோட எண். முடிஞ்சுது."

ஆக, இந்தக் கீபோர்டோட ரிப்போர்ட் ரெண்டே பைட். ஏ பட்டனை அழுத்தினா `00 04`. ஷிஃப்ட்டோட அழுத்தினா `02 04`. கையை எடுத்தா `00 00`. அந்தக் கடைசி ரிப்போர்ட்டை அனுப்பாம விட்டா, பட்டன் இன்னும் அழுந்தியே இருக்குனு நினைச்சு, கணினி aaaaaaa-னு ஓட்டிக்கிட்டே இருக்கும். 04-ங்கிறது எழுத்து இல்லை, ஒரு இடம். நீங்க தமிழ்99 போட்டு வச்சிருந்தா அதே 04-க்கு திரையில அ வரும்; ஃபிரெஞ்சு லேஅவுட்னா q வரும். கீபோர்டுக்கு எந்த மொழியும் தெரியாது.

இதுல ஒரு அருமையான பொறி இருக்கு. நாலாவது வரியில `15 00`, அதாவது குறைந்தபட்சம் பூஜ்யம்ங்கிறது மறுபடி எழுதப்படலை. ஏன்னா ஒருதடவை சொன்ன அளவுகள் மாத்துற வரைக்கும் செல்லுபடியாகும். அப்போ `25 65`-ஐ விட்டுட்டா என்ன ஆகும்? மேல சொன்ன அதிகபட்சம் 1 அப்படியே தொடரும். எனுமரேஷன் சுத்தமா முடியும், `lsusb`-ல பேரு வரும், ஷிஃப்ட்கூட வேலை செய்யும். ஆனா 04 எல்லைக்கு வெளிய இருக்குனு லினக்ஸ் அதைச் சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும். ஷிஃப்ட் வேலை செஞ்சு எழுத்து வரலைன்னா, கம்பியை நோண்டாதீங்க. இந்த 35 பைட்டைப் படிங்க.

இவ்வளவு சுதந்திரம் கொடுத்தா ஒருத்தர் மாட்டிக்குவார்: பயாஸ். ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறுறதுக்கு முன்னாடி ஓடுற அந்தக் குட்டி ப்ரோகிராம்ல இந்த வாக்கியங்களை அலசுற பார்சருக்கு இடம் இல்லை. அதனால ஒரு சமரசம். "பூட் கீபோர்டு"னு அறிவிச்சுக்கிற சாதனம், பயாஸ் கேட்டா, ஒரு நிலையான எட்டு பைட் வடிவத்துல பேசணும்: முதல் பைட் ஷிஃப்ட் வகையறா, ரெண்டாவது காலி, மீதி ஆறு பைட்ல ஆறு பட்டன். மெதுவான யுஎஸ்பியில ஒரு பாக்கெட்டே எட்டு பைட்தான், கணக்கு சரியா பொருந்துது. பல கீபோர்டுகள்ல ஒரே நேரத்துல ஆறு பட்டனுக்கு மேல பதிவாகாதுனு கேமர்கள் புலம்புறாங்களே, அந்த ஆறு வந்தது இங்கேர்ந்துதான்.

நம்ம ரெண்டு பைட் ஆள் பொய்யா பூட் கீபோர்டுனு சொல்லிக்கிட்டா, `00 04`-ல இருக்கிற 04-ஐ பயாஸ் அந்தக் காலி இடத்துல தேடிப் பார்க்காமலே விட்டுடும். ஒண்ணுமே டைப் ஆகாது.

கவனிச்சிருப்பீங்க, இந்த முழு உரையாடல்லயும் கணினி "நீ யாரு?"னு கேட்டுச்சே தவிர, "அதுக்கு என்ன அத்தாட்சி?"னு ஒருதடவைகூட கேட்கலை. 2014 ஆகஸ்ட்ல பிளாக் ஹேட் மாநாட்டுல கார்ஸ்டன் நோலும் யாக்கோப் லெல்லும் காட்டினது இதைத்தான். அதுக்கு அவங்க வச்ச பேரு பேட்யுஎஸ்பி. சாதாரணப் பென்டிரைவுக்குள்ள இருக்கிற கண்ட்ரோலரோட ஃபர்ம்வேரை மாத்தினா, அதே டிரைவ் கீபோர்டா எனுமரேட் ஆகி, கட்டளைகளைத் தானே டைப் பண்ணும். ஆன்டிவைரஸ் தேடிப் பார்க்க அங்க ஃபைலே இல்லை. அதுக்கும் எல்லை உண்டு: திரையைப் பார்க்க முடியாது, லேஅவுட் எதுன்னு தெரியாது, திரை பூட்டியிருந்தா பாஸ்வேர்டு பெட்டிக்குள்ளதான் டைப் பண்ணிக்கிட்டிருக்கும்.

லினக்ஸ்ல யுஎஸ்பிகார்டுனு ஒரு கருவி இருக்கு. `usbguard list-devices` அடிச்சா ஒவ்வொரு சாதனமும் என்னன்னு சொல்லிக்குதோ அது தெரியும். `03:01:01`னு இருந்தா பூட் கீபோர்டு. பென்டிரைவ்னு சொருகினதுல அந்த வரியைப் பார்த்தா உடனே கழட்டிடுங்க. 2022-ல மேக்ஓஎஸ் வெஞ்சுராவும் ஆப்பிள் சிலிக்கான் லேப்டாப்கள்ல புது யுஎஸ்பி சாதனம் வந்தா "அனுமதிக்கலாமா?"னு கேட்க ஆரம்பிச்சுது. லேப்டாப்ல மட்டும்தான். ஏன்னா அங்க ஏற்கனவே ஒரு கீபோர்டு ஒட்டியே இருக்கு, சம்மதம் சொல்ல ஆள் இருக்கு. மேசைக் கணினியில முதல்முதலா சொருகுற கீபோர்டை அனுமதிக்கிற பட்டனை, எந்தக் கீபோர்டால அழுத்துவீங்க?