வேலை விளம்பரத்தில் பாலினச் சார்பு நீக்கல்

வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரத்தில், வேலைக்குத் தேவைப்படாத பால், வயது, மண நிலை, தோற்றம் போன்ற நிபந்தனைகளையும், அவற்றை மறைமுகமாக உணர்த்தும் சொற்களையும் எடுத்துவிட்டு, படிப்பவரை இழுக்கும் விறுவிறுப்பு குறையாமல் திருப்பி எழுதுவதே பாலினச் சார்பு நீக்கல். இதன் தேவையை ஓர் ஊரை வைத்துப் பார்க்கலாம். தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயிலைச் சுற்றி வளர்ந்த பேரூராட்சி வீரபாண்டி. இதைப் போன்ற ஊர்களில் வேலைச் செய்தி இன்றும் பேருந்து நிறுத்தச் சுவரிலும் துண்டு நோட்டீசிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வருகிறது. சுற்று வட்டாரத்தில் நூற்பாலைகள் உண்டு. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை உண்டு. எது பெண்கள் வேலை, எது ஆண்கள் வேலை என்பது விளம்பரம் ஒட்டப்படும் முன்பே ஊருக்குள் முடிவாகியிருக்கிறது. அந்த முடிவை விளம்பரம் அப்படியே எடுத்து எழுதுகிறது. ‘பெண்கள்’, ‘துடிப்பான இளைஞர்’ என்று போட்டால்தான் விளம்பரம் எடுபடும் என்று எழுதுபவர்கள் நம்புவதே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை தவறு. விளம்பரத்துக்கு உயிர் தருவது ஆளைப் பற்றிய வருணனை இல்லை, வேலையைப் பற்றிய துல்லியம்.

தமிழ்நாட்டு நூற்பாலைகளின் வரலாறே இதற்கு முதல் சான்று. ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் பெற்ற முறையில், திருமணமாகாத இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் திருமணச் செலவுக்கு உதவும்படி மொத்தமாக ஒரு தொகை தரப்படும் என்பது ஏற்பாடு. அந்தத் துண்டு நோட்டீசுகளில் விறுவிறுப்புக்குப் பஞ்சமே இல்லை. திருமணக் கனவு, இலவச உணவு, பாதுகாப்பான விடுதி என எல்லாம் இருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, இடையில் நின்றுவிட்டால் அதுவரை சேர்ந்த பணம் கிடைக்குமா, வெளியே போய்வர விடுவார்களா என்பவை பேசப்படவில்லை. 2011 முதல் வெளியான ஆய்வறிக்கைகள் இந்த முறையின் கொடுமைகளை வெளிக்கொண்டு வந்தன. சிக்கல்கள் எழுந்தது பெரும்பாலும் விளம்பரம் சொல்லாமல் விட்ட இந்த இடங்களில்தான். ‘திருமணமாகாத பெண்’ என்ற வருணனை வேலை விவரம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்மைக் காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் விவகாரம். ஐபோன் பொருத்தும் அந்த ஆலையின் வேலைகளுக்குத் திருமணமான பெண்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. ஆள்சேர்ப்பு முகவர்கள் சுவரொட்டியிலும் நாளிதழிலும் வாட்ஸ்அப்பிலும் வெளியிட்ட, ‘திருமணமாகாத பெண்கள் மட்டும்’ என்ற பொருள்பட்ட விளம்பரங்களை அது ஆதாரமாகக் காட்டியது. மண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு நவம்பரில், பால், வயது, மண நிலை மூன்றையும் விளம்பரத்திலிருந்து நீக்கும்படி முகவர்களுக்கு நிறுவனம் சொல்லியிருப்பதாக அடுத்த செய்தி வந்தது. புதிய வாசகத்தில் குளிரூட்டிய பணியிடம், இலவசப் போக்குவரத்து, உணவகம், இலவச விடுதி, மாதச் சம்பளம் 14,974 ரூபாய் என்ற விவரங்கள் இருந்தன. பழைய சொற்கள் போன இடத்தில் வெறுமை விழவில்லை, செய்தி வந்து உட்கார்ந்தது. வேலை தேடுபவருக்கு 14,974 என்ற எண்ணைவிட வேகமான சொல் கிடையாது.

நேரடி நிபந்தனை இல்லாத விளம்பரமும் சாய்ந்து நிற்க முடியும். டேனியெல் கோஷர், ஜஸ்டின் ஃப்ரீசன், ஆரோன் கே ஆகிய உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது. ஆதிக்கம், போட்டி, தலைமை என்ற வகைச் சொற்கள் நிறைந்த விளம்பரங்களைப் படித்த பெண்களுக்கு அந்த வேலைமேல் ஈர்ப்பு குறைந்தது. ‘என்னால் இதைச் செய்ய முடியாது’ என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இல்லை. ‘இது எனக்கான இடம் இல்லை’ என்ற உணர்வுதான் காரணம். திறமை உள்ளவரே விலகிப் போகிறார் என்பதால் முதலாளிக்கும் இது நட்டம். ஆனால் அந்த ஆய்வின் ஆங்கிலச் சொற்பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவந்து பயனில்லை. நம் மொழியில் சாய்வு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

தமிழில் ‘ஓட்டுநர்’, ‘விற்பனையாளர்’, ‘மேற்பார்வையாளர்’ போன்ற பெயர்கள் இருபாலுக்கும் பொது. ‘வாங்க’, ‘வாருங்கள்’ என்ற அழைப்பிலும் பால் இல்லை. இந்த வசதி எல்லா மொழிக்கும் வாய்ப்பதில்லை. சாய்வு பெரும்பாலும் கடன் சொற்களின் வழியாக நுழைகிறது: சேல்ஸ்மேன், வாட்ச்மேன், ஆபீஸ் பாய், டெலிவரி பாய், சேல்ஸ் கேர்ள். அடுத்தது ‘இளைஞர்’, ‘வாலிபர்’ போன்றவை. இலக்கணம் எப்படி இருந்தாலும் படிப்பவர் மனத்தில் ஆண் உருவமே எழுகிறது. மூன்றாவது வகை அடைமொழி. பெண்களைக் கேட்கும்போது ‘பொறுமையான’, ‘குடும்பப் பாங்கான’, ‘நல்ல தோற்றமுள்ள’. ஆண்களைக் கேட்கும்போது ‘துடிப்பான’, ‘திறமையான’. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இரண்டு பாலையும் இடம் மாற்றி வாய்விட்டு வாசிப்பது. ‘பொறுமையான, நல்ல தோற்றமுள்ள சூப்பர்வைசர் ஆண்கள் தேவை’ என்று வாசிக்கும்போது நாக்கு தடுக்கினால், அந்த அடைமொழிக்கும் வேலைக்கும் தொடர்பில்லை.

இந்தப் பகுதியில் வழங்கும் வாசகங்களைச் சேர்த்து ஒரு மாதிரி அமைத்துப் பார்க்கலாம். ‘உடனடி வேலைவாய்ப்பு! நூற்பாலைக்கு 18 முதல் 25 வயது வரை உள்ள, திருமணமாகாத, சுறுசுறுப்பான பெண்கள் தேவை. சூப்பர்வைசர் வேலைக்குத் துடிப்பான ஆண்கள். கை நிறையச் சம்பளம். உணவு, தங்குமிடம் இலவசம். இன்றே வாரீர்!’ இதில் ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னாலும் முதலாளியின் ஊகம் ஒன்று இருக்கிறது. ‘திருமணமாகாத’ என்பதன் பொருள் லீவு போடமாட்டார், இரவு ஷிப்டுக்கு வருவார் என்பது. ‘25 வயது வரை’ என்றால் எட்டு மணி நேரம் நின்று நடக்கக் கால் தாங்கும். ‘பெண்கள்’ என்றால் அறுந்த இழையை ஒட்டும் விரல் வேகம் இருக்கும், கூலி பேசமாட்டார். கடைசி ஊகம் வெளியே சொல்ல முடியாதது. அதை அப்படியே கைவிட வேண்டும். மற்றவற்றை ஊகமாக வைக்காமல், உண்மையான தேவையாக எழுதலாம்.

அப்படி எழுதினால் இப்படி வரும்: ‘ரிங் பிரேமில் இழை அறுந்ததும் சட்டென்று ஒட்டத் தெரியுமா? உடனே வாங்க! தெரியாதவருக்குச் சம்பளத்துடன் பயிற்சி. எட்டு மணி நேரம் நின்று, நடந்து செய்யும் வேலை. பகல், அரை நைட், முழு நைட் என ஷிப்ட் வாராவாரம் மாறும். வீரபாண்டி பஸ் ஸ்டாப்பிலிருந்து மில் பஸ் உண்டு. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி விடுதி, தங்குவது உங்கள் விருப்பம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு. சூப்பர்வைசர் வேலைக்கும் இருபாலரும் வரலாம். 18 வயது நிறைந்திருந்தால் போதும், திருமணமானவர்களும் வாங்க!’ சம்பளம் எண்ணாகவே இருக்க வேண்டும், ‘கை நிறைய’ என்று இருக்கக் கூடாது. கேள்வியில் தொடங்குவதும், நேரே அழைப்பதும், ஆலைக்குள் புழங்கும் சொல்லைச் சொல்வதும் சேர்ந்து முதல் வாசகத்தைவிட இதற்கு வேகம் தருகின்றன. ஒன்றை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்: இதில் உள்ள ஒவ்வொரு வசதியும் ஆலையில் உண்மையில் இருக்க வேண்டும். விருப்பம் என்று எழுதிவிட்டு விடுதியைக் கட்டாயமாக்கினால் அது பழைய துண்டு நோட்டீசின் வேலைதான்.

கடைசி வரியில் ‘திருமணமானவர்களும்’ என்று ஏன் எடுத்துச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டாலே நடுநிலைதானே என்று கேட்கலாம். காலங்காலமாக ஒரு பாலுக்கு என்று ஒதுங்கிவிட்ட வேலையில், சொல்லாமல் விடுவதை நடுநிலையாக யாரும் படிப்பதில்லை. மில்லுக்கு ‘ஆட்கள் தேவை’ என்றால் கல்யாணமாகாத பிள்ளைகளைக் கேட்கிறார்கள் என்றும், ‘டிரைவர் தேவை’ என்றால் ஆம்பளையைக் கேட்கிறார்கள் என்றும் ஊர் எடுத்துக்கொள்கிறது. மூடியிருந்த கதவு திறந்துவிட்டது என்பதை, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும். ஃபாக்ஸ்கானின் புதிய வாசகத்தின் குறை இதுதான். தடையை எடுத்தது, அழைப்பைத் தரவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. பெண்கள் மட்டும் என்று போட்டால்தான் பெற்றோர் நம்பி அனுப்புகிறார்கள், அதை எடுத்தால் பெண்களுக்குக் கிடைக்கும் வேலையும் போய்விடும் என்பது அது. பெற்றோரின் அச்சம் உண்மையானது, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்கள் கேட்பது பாதுகாப்பு. தனி விடுதி, அதன் வார்டன், இரவு ஷிப்ட் முடிந்தால் வாசல்வரை பஸ், புகார்க் குழு என்று எழுதினால் அந்த நம்பிக்கை ‘பெண்கள்’ என்ற ஒற்றைச் சொல் தருவதைவிட உறுதியாகக் கிடைக்கும். இரவு வேலை பெண்களுக்குச் சட்டப்படி கூடாது என்ற பழைய வாதமும் இங்கே நிற்காது. தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 66ஆவது பிரிவில் இருந்த அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, பாதுகாப்பு ஏற்பாடுகளை வலியுறுத்தி, செல்லாது என்று தீர்ப்பளித்தது. கனமான சுமை தூக்குதல் போலச் சட்டமே வரம்பு வைத்த வேலைகள் விதிவிலக்கு. அங்கும் எடையை எழுதுவதே சரி.

சொல் மாறினாலும் மனம் மாறாதே, பின் ஏன் சொல்லை மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது மறுப்பு. இதில் பாதி உண்மை. விளம்பரத்தில் இருந்த வடிகட்டி நேர்காணல் அறைக்கு இடம் மாறிவிடலாம். ‘கல்யாணம் ஆயிருச்சாம்மா?’ என்ற கேள்வியை அங்கே யாரும் தடுப்பதில்லை. விண்ணப்பித்தவர்களில் பெண்கள் எத்தனை, திருமணமானவர்கள் எத்தனை, அவர்களில் எடுக்கப்பட்டவர்கள் எத்தனை என்று பதிவு வைத்தால் உண்மை தெரியும். விண்ணப்பம் கூடி, தேர்வு கூடவில்லை என்றால் குறை அறைக்குள் இருக்கிறது. விண்ணப்பமே கூடவில்லை என்றால் வாசகத்திலோ அது ஒட்டப்பட்ட இடத்திலோ இருக்கிறது. இந்தக் கணக்கு இல்லாத ஆலையின் நல்ல வாசகத்தை நம்ப முடியாது.

சட்டத்தின் நிலை இது. சம ஊதியச் சட்டம் 1976, ஒரே வகை வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பாலின அடிப்படையில் எவருக்கு எதிராகவும் ஆள்சேர்ப்பில் பாகுபாடு கூடாது என்கிறது அது. மண நிலையைக் காரணம் காட்டித் தனியார் நிறுவனம் ஒருவரை ஒதுக்குவதை வெளிப்படையாகத் தடுக்கும் பிரிவு எதுவும் அதில் இல்லை. தமிழ்நாட்டு ஆலை விளம்பரங்களில் அந்த நிபந்தனை இடம்பெற்றுவர, சட்டத்தில் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு நாடாளுமன்றத்துக்கும் மாநில அரசுக்கும் இருக்கிறது.