பதிவேற்றக் கோப்புகளைப் பொருள் சேமிப்பகத்திற்கு மாற்றுதல்

பொருள் சேமிப்பகத்திற்கு மாற்றுதல் என்பது, ஒரு வலைச் செயலியின் பயனர்கள் பதிவேற்றும் படங்கள், ஆவணங்கள் முதலியவற்றை வழங்கியின் வன்தட்டிலிருந்து எடுத்து, எல்லா வழங்கிகளும் வலையமைப்பு வழியாக அணுகக்கூடிய பொதுவான பொருள் சேமிப்பகத்தில் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) வைக்கும் பணி ஆகும். செயலியை ஒன்றுக்கு மேற்பட்ட வழங்கிகளில் இயக்குவதற்கு முன் இப்பணி செய்யப்படுகிறது. 2006 மார்ச்சில் அறிமுகமான அமேசான் எஸ்3 இவ்வகைச் சேமிப்பகத்திற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

தேவை

இரண்டு வழங்கிகளுக்கு முன்னே ஒரு சுமைப் பகிர்வி இருப்பதாகக் கொள்வோம். முதல் வழங்கி பெற்ற படம் அதன் வன்தட்டில் மட்டுமே இருக்கும். அப்படத்தைக் கேட்கும் கோரிக்கை இரண்டாம் வழங்கிக்குச் சென்றால் 404 பிழை கிடைக்கும். கோரிக்கைகள் மாறி மாறிப் பகிரப்படுவதால், பக்கத்தை மீளேற்றும்போது ஒரே படம் ஒருமுறை தோன்றி மறுமுறை மறைவது இக்குறையின் அடையாளம் ஆகும்.

பொருள் சேமிப்பகத்தில் உண்மையான அடைவுகள் இல்லை. ஒவ்வொரு கோப்பும் ஒரு திறவுப்பெயரால் அறியப்படுகிறது. ஆகவே தரவுத்தளத்தில் `/var/www/app/uploads/2019/07/a.jpg` என முழுப் பாதை பதிவாகியிருந்தால், முதலில் அதை `uploads/2019/07/a.jpg` என்ற திறவுப்பெயராகச் சுருக்க வேண்டும்.

வரிசைமுறை

பழைய கோப்புகளை முதலில் நகலெடுத்து, பிறகு செயலியை மாற்றுவதே இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால் 200 கிகாபைட் கோப்புகளை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப ஏறத்தாழ நான்கரை மணி நேரம் ஆகும். அந்நேரத்தில் பயனர்கள் பதிவேற்றும் கோப்புகள் பழைய வன்தட்டிலேயே தங்கி, நகலில் விடுபட்டுப்போகலாம். எனவே கீழ்க்காணும் வரிசை பாதுகாப்பானது.

1. புதிய பதிவேற்றங்கள் அனைத்தும் சேமிப்பகத்திற்குச் செல்லுமாறு செயலி மாற்றப்படும். படிக்கும்போது முதலில் சேமிப்பகத்திலும், அங்கு இல்லையெனில் வன்தட்டிலும் தேடும். அழிக்கும்போது இரண்டு இடங்களிலும் அழிக்கும்.
2. பழைய கோப்புகள் நகலெடுக்கப்படும்.
3. நகல் சரிபார்க்கப்படும்.
4. வன்தட்டில் தேடும் நிரல்பகுதி நீக்கப்படும். அதன் பின்னரே இரண்டாம் வழங்கி சேர்க்கப்படும்.

நகலெடுப்புக்கும் சரிபார்ப்புக்கும் ஆர்குளோன் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். இங்கு `store` என்பது அதன் அமைப்பில் சேமிப்பகத்திற்கு இட்ட பெயர், `app-uploads` என்பது கொள்கலத்தின் பெயர்.

```
rclone copy /var/www/app/uploads store:app-uploads/uploads --ignore-existing
rclone check /var/www/app/uploads store:app-uploads/uploads --one-way
```

பழைய கோப்பு புதியதை அழித்தல்

இப்பணியில் எளிதில் கண்ணுக்குப் படாத இழப்பு ஒரே பெயரில் மாற்றப்படும் கோப்புகளால் நேர்கிறது. ஒரு பயனரின் முகப்படம் எப்போதும் `avatars/512.jpg` என்ற பெயரில் சேமிக்கப்படுவதாகக் கொள்வோம். முதற்படிக்குப் பின் அவர் புதிய படம் இடுகிறார். அது சேமிப்பகத்தில் உள்ளது. வன்தட்டில் பழைய படம் அதே பெயரில் இன்னும் இருக்கிறது. `aws s3 sync` கட்டளை இரு கோப்புகளின் அளவு வேறுபட்டாலே வன்தட்டுக் கோப்பால் சேமிப்பகக் கோப்பை மேலெழுதும். சேமிப்பகத்தில் உள்ளது பிந்தையது என்பதால் அதை விட்டுவிடாது. பிழைச் செய்தி எதுவும் தோன்றாமல் பயனரின் புதிய படம் தொலைந்துவிடும். மேலே உள்ள `--ignore-existing` என்ற விருப்பம், சேமிப்பகத்தில் ஏற்கெனவே உள்ள பெயர்களைத் தொடாமல் விடுவதால் இதைத் தடுக்கிறது. இத்தகைய கோப்புகளைச் சரிபார்ப்புக் கட்டளை வேறுபாடுகளாகக் காட்டும். அவை முதற்படிக்குப் பின் மாற்றப்பட்டவைதாமா எனப் பார்த்தால் போதும். ஒவ்வொரு பதிவேற்றத்திற்கும் புதிய தற்போக்குப் பெயர் இடுவதே நிலையான தீர்வு.

சரிபார்ப்பு

மேற்கண்ட சரிபார்ப்பு வன்தட்டையும் சேமிப்பகத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறது. வன்தட்டிலேயே முன்னர் தொலைந்துபோன கோப்புகளை அது காட்டாது. ஆகவே தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு திறவுப்பெயரும் சேமிப்பகத்தில் உள்ளதா எனத் தனியே பார்க்க வேண்டும். செயலி வன்தட்டில் தேடிக் கண்டெடுக்கும் ஒவ்வொரு முறையையும் பதிவேட்டில் எழுதச் செய்வதும் பயன்தரும். நகலெடுப்பு முடிந்தபின் சில நாட்கள் இப்பதிவு சுழியமாக இருந்தால், நான்காம் படிக்குச் செல்லலாம். பழைய வன்தட்டை உடனே அழிக்காமல், படிக்க மட்டும் இயலும் நிலையில் சில வாரங்கள் வைத்திருப்பது வழக்கம்.

வரம்புகள்

படங்களைச் சிறிதாக்கும் நிரல்கள் பல, கோப்பு வன்தட்டில் இருக்குமென எதிர்பார்க்கின்றன. அவற்றுக்காகக் கோப்பைத் தற்காலிக அடைவுக்கு இறக்கி, வேலை முடிந்ததும் நீக்க வேண்டும். தனிப்பட்ட ஆவணங்களைப் பொதுவில் திறந்துவைக்கக் கூடாது. காலவரையுடன் கையொப்பமிட்ட உரலிகள் மூலம் அவை வழங்கப்படுகின்றன. எஸ்3 சேவையின் நான்காம் பதிப்புக் கையொப்பத்தில் இக்காலம் அதிகபட்சம் 7 நாட்கள் ஆகும். எனவே இவ்வுரலிகளைத் தரவுத்தளத்தில் சேமித்தல் கூடாது. திறவுப்பெயரை மட்டும் சேமித்து, தேவைப்படும்போது உரலியை உருவாக்க வேண்டும்.