ரஷ் பார்த்தல்

ஒரு நாள் படப்பிடிப்பில் பதிவான காட்சிகளை, வெட்டாமலும் கோக்காமலும், இயக்குநரும் படத்தொகுப்பாளரும் போட்டுப் பார்ப்பது ‘ரஷ் பார்த்தல்’ எனப்படும். படச்சுருள் காலத்தில் நெகட்டிவ் சென்னை லேப்புக்குப் போய், கழுவிப் பிரதி எடுத்த பிறகுதான் ரஷ் கிடைக்கும். வெளியூர்ப் படப்பிடிப்பில் அதற்கு நாட்கள் ஆகும். இன்று கேமரா கார்டிலிருந்து இரண்டு மூன்று நகல்கள் எடுத்துச் சரிபார்த்ததும், தங்கும் விடுதியிலேயே பார்த்துவிடலாம். அரங்கைக் கலைப்பதற்கு முன், நடிகர் ஊர் திரும்புவதற்கு முன் குறையைக் கண்டுபிடிப்பதே இதன் நோக்கம்.

காஞ்சிபுரம் நெசவாளர் வாழ்வைச் சொன்ன தமிழ்ப்படம் பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’. பிரகாஷ்ராஜ் நெசவாளராக நடித்த இப்படம் 2007ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இத்தகைய படத்தில் வரக்கூடிய ஒரு தறிக் காட்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டால், ரஷ்ஷில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கும். குழித்தறியில் அமர்ந்து கோர்வைச் சேலை நெய்யும் தந்தை, ஒரு பக்கக் கரையின் நாடாவை எறியும் மகள், இருவருக்கும் இடையே சிறு உரையாடல்: இதுவே அந்தக் காட்சி.

முதலில் ஃபோகஸ். கேமராவின் சிறிய திரையில் கூர்மையாகத் தெரிந்த முகம் பெரிய திரையில் மங்கியிருக்கலாம். தறிக் காட்சியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. கூர்மையான விளிம்புகளை வண்ணக்கோடிட்டுக் காட்டும் வசதி, மின்னும் ஜரிகையைத்தான் முதலில் பிடிக்கும். ஜரிகை பளிச்சென்று இருப்பதால் முகமும் தெளிவாக இருப்பதாகத் தோன்றிவிடும். எனவே படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, நடிகரின் கண்ணிமையைப் பார்க்க வேண்டும். நெருக்கமான பாவு இழைகளின் மேல் அலையலையாக ஒரு கோலம் ஓடினால் அதையும் இப்போதே சோதிக்கலாம். பெரிதாக்கியதும் மறைந்தால் அது காட்டும் திரையின் குறை. மறையாவிட்டால் பெரும்பாலும் பதிவிலேயே இருக்கிறது. பதிவில் இருந்தால் லென்ஸையோ கேமராவின் தூரத்தையோ மாற்றித் திரும்ப எடுக்க வேண்டும்.

அடுத்தது ஒலி. இதை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். வசனத்தின் மேல் அச்சுப் பலகையின் அடி விழுந்தால், இரண்டையும் பின்னால் பிரிப்பது கடினம். பட்டுச் சேலைக்குள் மறைத்த மைக் துணியில் உரசினால் சரசரப்பு கேட்கும். கோயில் ஒலிபெருக்கியும் ஊடே நுழையலாம். ஒரு டேக்கில் நாதஸ்வரம் கேட்டு மற்றொன்றில் கேட்காவிட்டால், இரண்டையும் வெட்டி ஒட்டும்போது இசை நடுவில் அறுபடும். டப்பிங் செய்யும் படமானாலும் இந்த ஒலி வழிகாட்டியாக உதவும். நேரடி ஒலிப்பதிவுப் படத்தில் இதுவே இறுதி ஒலி. எனவே தறியோசையை மட்டும் சில நிமிடம், யாரும் பேசாத அறையின் அமைதியை அரை நிமிடம் தனியே பதிவு செய்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள்.

நடிப்பைப் பொறுத்தவரை, ஒரே ஷாட்டின் டேக்குகளை அடுத்தடுத்து ஓடவிட்டு ஒப்பிடுவார்கள். அந்த ஷாட்டை எடுக்கப் பட்ட பாடு இயக்குநரின் மனத்தில் இருக்கும். தளத்தில் இல்லாத படத்தொகுப்பாளர் திரையில் இருப்பதை மட்டும் பார்ப்பார். அவருடைய சொல்லுக்கு மதிப்பு அதனால்தான். தறிக் காட்சியில் உடலும் பேச வேண்டும். மிதியை அழுத்திப் பாவு பிரிந்த பிறகே நாடா ஓடும். நடிகரின் கை காலுக்கு முந்தினால் பொதுப் பார்வையாளர் கவனிக்காமல் போகலாம், காஞ்சிபுரத்துக்காரர் உடனே பிடித்துவிடுவார். நெய்யத் தெரிந்த ஒருவரை ரஷ் பார்க்க அழைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, காட்சியைக் கோக்கத் தேவையான ஷாட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்ற கணக்கு. இருவரும் தெரியும் அகன்ற ஷாட், தந்தையின் முகம், மகளின் முகம், கை, கால், ஓடும் நாடா. கை, நாடா போன்ற அண்மைக் காட்சிகள் இல்லாவிட்டால் இரண்டு நல்ல டேக்குகளை இணைக்கவோ வசனத்தைச் சுருக்கவோ வழியிருக்காது. இருவரின் பார்வைத் திசையும் பொருந்த வேண்டும். தந்தை வலப்பக்கம் பார்த்துப் பேசினால் மகள் இடப்பக்கம் பார்க்க வேண்டும். நெய்த துணியின் அளவையும் ஒப்பிட வேண்டும். அகன்ற ஷாட்டில் கரையில் பாதி தெரிந்த மயில், அண்மைக் காட்சியில் முழுதாக நின்றால் தொடர்ச்சி கெட்டுவிடும்.

பார்த்து முடித்ததும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்றில் ஒரு முடிவு எழுதப்படும்: தேர்ந்த டேக், டப்பிங்கிலோ தொகுப்பிலோ சரிசெய்யக்கூடியது, திரும்ப எடுக்க வேண்டியது. தறிக் காட்சியில் இந்த முடிவை அன்றிரவே எடுத்தாக வேண்டும். மறுநாள் காலையில் நெசவு தொடர்ந்து அந்த இடம் துணிச்சுருளுக்குள் போய்விட்டால், திரும்ப எடுக்கும் ஷாட் முந்தைய ஷாட்டோடு பொருந்தாது. ஆகவே முடிவு தெரியும்வரை அந்தத் தறியை ஓட்டாமல் நிறுத்திவைக்கச் சொல்வதும், அந்நேரத்துக்கான கூலியை நெசவாளருக்குத் தருவதும் தயாரிப்புத் தரப்பின் கடமை.