சின்னத்தம்பி ஆர்?

மலாயாவிலயிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் பழைய கடிதக் கட்டைத் தட்டச்சு செய்து முடித்தபிறகுதான் பெரிய வேலை இனித்தான் இருக்குது என்று விளங்கிச்சு. 'சிரம்பான்' என்று தேடுகிறவருக்குக் கடிதத்தில் 'சிரம்பானிலை', 'செரம்பானுக்கு' என்று கிடக்கிறது அகப்படாது. அதனால் சுட்டியில் இரண்டு நிரல் வைத்தோம். ஒன்றில் எழுதினபடி, மற்றதில் உருபு கழற்றின ஊர்ப்பெயர். முதலாவதில் கை வைக்கிறேல்லை.

திகதிதான் நிறைய மினக்கெடுத்தினது. ஒரு கடிதத்தின் தலையில் 'பிரமோதூத ௵ ஆவணி ௴ ௧௨ ௳' என்றிருந்தது. கடைசிக் குறிகள் வருஷம், மாதம், நாள். பிரமோதூத 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1870, 1930, 1990 மூன்றுமே அதுதான். உள்ளே இறப்பர் விலை விழுந்துபோச்சு என்ற கவலை இருந்தது. சிங்கப்பூருக்கு இறப்பர்க் கன்று போனதே 1877இல், ஆகவே 1870 இல்லை. தாளும் எழுத்தும் 1990உம் இல்லை. மிஞ்சினது 1930. ஆவணி 12 ஓகஸ்ட் 27ஆ, 28ஆ? மாதப்பிறப்பைக் கணிக்கிறதில் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் வரும். நல்லகாலம், எழுதினவர் 'வியாழன்' என்றும் போட்டிருந்தார். 1930 ஓகஸ்ட் 28 வியாழக்கிழமை. கிழமை இல்லாத கடிதங்களுக்கு ஒரு நாளைத் தெரிவு செய்யாமல் இப்படி இரண்டையும் பதிந்தோம்:

```
1930-08-27/1930-08-28
```

ஆட்களிடம் வந்தால் இன்னும் சிக்கல். 'சின்னத்தம்பி' ஒரு பெயர். கடைசித் தம்பியையும் அப்படித்தான் சொல்லுறது. வினைமுடிவு கொஞ்சம் உதவும்: 'வந்தவர்' என்றால் பெரும்பாலும் வெளியாள், 'வந்தவன்' என்றால் வீட்டுத் தம்பி. ஆனால் 'சின்னத்தம்பிக்குச் சொல்லவும்' என்ற இடத்தில் அந்தத் துப்பும் இல்லை. அதை நாங்கள் ஆரோடும் சேர்க்கேல்லை.

எங்களை உறுத்தினது வேறொன்று. முதல் வரைவில் பெயர்களை மட்டும் எடுத்தோம். பார்த்தால் பெண்கள் அநேகமாக ஒருவரும் இல்லை! கடிதத்தில் அவர்கள் இல்லாமலில்லை. காணி ஈடு வைத்தது, சீதனம் பேசினது எல்லாத்திலும் நிற்கினம், ஆனால் அக்கா, மச்சாள், மாமி என்றுதான். ஒரே மனுசி தம்பியின் கடிதத்தில் 'அக்கா', அவரின் மனைவியின் கடிதத்தில் 'மச்சாள்', மகனின் கடிதத்தில் 'அம்மா'. முறைச்சொல்லை எழுதினவரோடு சேர்த்துத்தான் வாசிக்கலாம். திரும்ப முதல் கடிதத்திலயிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் இலக்கம் குடுத்து, ஆர் எழுதினது, என்ன முறை என்று பதிந்தோம். இப்ப ஈட்டுக் கதையைத் தேடினால் அந்த மனுசி வருவா, பெயர் நிரல் வெறுமையாக.