நரம்புவழி வைரஸ்கள்: வெறிநோயும் இளம்பிள்ளை வாதமும்

உடலுக்குள் நுழைந்தபின், முழுப் பயணத்தையோ அதன் ஒரு பகுதியையோ நரம்பு இழைகளுக்குள்ளேயே நடத்தி, தண்டுவடத்தையும் மூளையையும் அடையும் வைரஸ்கள் நரம்புவழி வைரஸ்கள் எனப்படும். இவற்றுள் நெடுங்காலமாக ஆராயப்பட்டவை இரண்டு: வெறிநாய்க்கடியால் வரும் ரேபீஸ், இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ. இரண்டும் நரம்பில் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே முறையில் ஏறுகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் அவை செய்யும் கேடு மட்டும் முற்றிலும் வேறு.

கடித்த புண் ஆறிப் பல வாரங்கள் கழித்து, அதே தழும்பில் மீண்டும் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றி, அதன்பிறகே வெறிநோய் வெளிப்படும் என்பதை மருத்துவர்கள் வெகுநாளாகக் கண்டுவந்தார்கள். காலில் கடிபட்டவரைவிட முகத்தில் கடிபட்டவருக்கு நோய் விரைவில் வருவதும் அவர்களுக்குத் தெரியும். நஞ்சு ரத்தத்தில் கலந்து பரவுவதாக இருந்தால் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல முடியாது. 1881இல் பாரிஸில் பாஸ்டரும் ரூவும் நோயுற்ற விலங்கின் மூளைப் பொருளை நாயின் மூளையில் நேரடியாக வைத்து நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். நோய்க்கிருமி இருக்குமிடம் மூளை என்பது அதனால் உறுதியானது. அங்கே எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு இத்தாலியர்களான டி வெஸ்டேயாவும் ஸகாரியும் 1889இல் வெளியிட்ட சோதனைகள் விடை தந்தன. காலின் பெருநரம்பில் கிருமியைச் செலுத்தினால் விலங்குக்கு முதலில் அந்தக் காலே செயலிழந்தது. நரம்பை மேலே வெட்டி முனையைச் சுட்டுவிட்டால் நோய் தடைப்பட்டது. நுண்ணோக்கியில் வைரஸைப் பார்க்கவே இயலாத காலத்தில் ஒரு கத்தியை மட்டும் கொண்டு அதன் வழியைக் காட்டிய இச்சோதனை, இத்துறையின் மிகத் தெளிவான வேலைகளில் ஒன்று.

அந்த வழியின் நுட்பம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் விளங்கியது. தசையும் நரம்பும் சந்திக்கும் இடத்தில், நரம்பின் ஆணையைப் பெறும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் உள்ளன. ரேபீஸ் வைரஸின் மேலுறைப் புரதம் அவற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பதை 1982இல் லென்ட்ஸ் குழுவினர் காட்டினார்கள். அங்கிருந்து வைரஸ் நரம்பு முனைக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. நரம்பிழையின் உள்ளே நெடுக ஓடும் நுண்குழல்களின் மேல், டைனீன் என்னும் புரதம் விளிம்பிலுள்ள பொருள்களை நரம்பணுவின் உடல் நோக்கிச் சுமந்து செல்வது அன்றாட வேலை. வைரஸுக்குச் சொந்தமாக நகரும் திறன் இல்லை. அந்தச் சுமையோடு சுமையாக ஏறிக்கொள்கிறது. நரம்பணுவின் உடலை அடைந்து பெருகியபின், அந்த அணுவோடு தொடர்புடைய அடுத்த நரம்பணுவுக்குத் தாவுகிறது.

வேகம் நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் என்று கொள்வோம். வளர்ந்த ஒருவரின் பாதத்திலிருந்து தண்டுவடம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர். பத்து முதல் இருபது நாளில் கடந்துவிடலாம். ஆனால் நோய் வெளிப்பட வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகிறது, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். மிச்ச நாட்களின் பெரும்பகுதியை வைரஸ் கடிபட்ட இடத்துத் தசையிலேயே கழிக்கிறது. சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசம் இதுதான். புண்ணை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவதும், ஆழமான கடிகளில் எதிர்ப்புப் புரதத்தைப் புண்ணுக்குள்ளேயே செலுத்துவதும், தடுப்பூசித் தவணைகளைத் தொடங்குவதும் வைரஸ் நரம்புக்குள் புகுமுன் அதை மடக்குவதற்கே. நரம்பினுள் புகுந்துவிட்டால் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் அதை எளிதில் எட்டாது. தென்னிந்தியாவில் இச்சிகிச்சைக்கென 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது.

1903இல் நெக்ரி, வெறிநோயால் இறந்த விலங்குகளின் மூளையில், குறிப்பாக ஹிப்போகாம்பஸிலும் சிறுமூளையின் புர்க்கின்ஜே அணுக்களிலும், உருண்டையான சிறு பொருள்களைக் கண்டார். அவற்றை ஒட்டுண்ணி என்று அவர் எண்ணியது தவறு. அவை வைரஸ் பெருகும் இடங்கள். ஆயினும் அவை பல பத்தாண்டுகள் நோயை உறுதிசெய்யும் அடையாளமாக விளங்கின. வியப்பு என்னவென்றால், நோயாளி இறக்கும் வேளையிலும் அந்த நரம்பணுக்களில் பெரும்பாலானவை அழியாமலே இருக்கின்றன. கொல்வது அணுக்களின் சாவு அன்று, அவற்றின் வேலை குலைவது. உயிரோடிருக்கும் நரம்பணுதான் வைரஸை வெளிநோக்கியும் கொண்டுசெல்லும்: மூளையிலிருந்து நரம்புகள் வழியே இறங்கி அது எச்சில் சுரப்பிகளையும் தோலையும் அடைகிறது. பிடரித் தோலில் சிறு துணுக்கெடுத்து, மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள நரம்புகளில் வைரஸைத் தேடி நோயை உறுதிசெய்வது இதனால்தான் இயல்கிறது.

போலியோவின் வரலாறு எதிர்ப்புறத்திலிருந்து, அதாவது கேட்டிலிருந்து தொடங்கியது. 1870இல் பாரிஸில் ஷார்கோவும் ஜோஃப்ராயும், வாதம் கண்டவரின் தண்டுவடத்தில் முன்கொம்பு எனப்படும் பகுதியின் இயக்க நரம்பணுக்கள் சிதைந்திருப்பதைக் கண்டார்கள். தசைகளுக்கு ஆணை அனுப்பும் அணுக்கள் அவையே. கால் தொய்ந்து சூம்பினாலும் அதே காலில் தொடு உணர்ச்சி குறையாமல் இருப்பது இதனால்தான். 1908இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் இறந்த சிறுவன் ஒருவனின் தண்டுவடக் கரைசலால் குரங்குகளுக்கு நோயை ஏற்றி, அது பாக்டீரியாவால் வருவதன்று என்று காட்டினார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகளை ஒரு தவறான வழி விழுங்கியது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஃபிளெக்ஸ்னர் கையாண்ட ரீசஸ் குரங்குகளுக்கு வாய்வழியாக நோய் எளிதில் தொற்றாது; மூக்கில் விட்டால் தொற்றியது. அவர் குரங்கு மூளைகளின் வழியே திரும்பத் திரும்பக் கடத்திய வைரஸும் நரம்பையே சார்ந்து மாறிவிட்டது. அதனால் மனிதருக்கும் முகர்வு நரம்பே வாசல் என்று நம்பப்பட்டது. 1937இல் டொரொன்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டைத் தெளித்தார்கள். நோய் தடைப்படவில்லை, சில குழந்தைகள் முகரும் திறனை இழந்தார்கள். 1941இல் சேபினும் வார்டும் போலியோவால் இறந்தவர்களின் உறுப்புகளை ஆராய்ந்து, வைரஸ் குடலில் இருக்கிறது, முகர்வு நரம்புப் பகுதியில் இல்லை என்று காட்டிய பிறகே அந்த நம்பிக்கை வீழ்ந்தது. வைரஸ் குடலில் பெருகி, ரத்தத்தில் கலந்து, அதன்பின் சிலருக்கு மட்டும் நரம்பு மண்டலத்தை அடைகிறது. ஏறத்தாழ 200 தொற்றுகளில் ஒன்றுதான் மீளாத வாதமாக முடிகிறது.

ஆனாலும் நரம்பு வழி பொய்யாகிவிடவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் போடியனும் ஹோவும் குரங்குகளின் கால் நரம்பில் போலியோ வைரஸ் மணிக்குச் சுமார் 2.4 மில்லிமீட்டர் ஏறுவதை 1941இல் கணக்கிட்டார்கள். நாளொன்றுக்கு இது ஏறக்குறைய 58 மில்லிமீட்டர். ரேபீஸின் வேகத்துக்கு நெருக்கமானது.

மனிதரிடம் இந்த வழி எப்போது திறக்கும் என்பதற்கு 1950இல் ஒரு துயரமான சான்று கிடைத்தது. போலியோ பரவியிருந்த வேளையில் வேறு நோய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்ட குழந்தைகள் சிலருக்கு, ஊசி குத்திய அதே கை அல்லது காலில் வாதம் கண்டதை மெல்போர்னில் மெக்கிளாஸ்கியும், பிரிட்டனில் வேறு மருத்துவர்களும் கவனித்தார்கள். காரணம் 1998இல்தான் தெளிவானது. மனிதரின் போலியோ ஏற்பியான சிடி155 புரதம் பொருத்தப்பட்ட எலிகளில், தசை காயப்பட்டால் நரம்பு வைரஸைத் தண்டுவடம் நோக்கிச் சுமப்பது கூடுகிறது என்று கிரோமையரும் விம்மரும் காட்டினார்கள். ரத்தத்தில் வைரஸ் சுற்றும் நாட்களில் காயப்பட்ட தசை எதுவோ, அதன் நரம்பு சேரும் தண்டுவடப் பகுதியே தாக்கப்படுகிறது. தொற்றுப் பரவும் காலத்தில் தேவையற்ற ஊசிகளைத் தவிர்க்கும் நடைமுறைக்கு அடிப்படை இதுவே.

இயக்க நரம்பணுவை அடைந்ததும் போலியோ வைரஸ் அதன் புரத உற்பத்தியை நிறுத்தி, அந்தக் கருவிகளைத் தன் பெருக்கத்துக்கே பயன்படுத்துகிறது. சில நாட்களில் அணு சிதைந்து இறந்து, அதன் கட்டுப்பாட்டில் இருந்த தசை இழைகள் துணையற்றுப் போகின்றன. ஒரு தசைக்குரிய நரம்பணுக்களில் ஒரு பகுதி மட்டும் இறந்தால் வாதம் வெளியே தெரிவதில்லை. பாதிக்கு மேல் இறக்கும்போதுதான் பலவீனம் வெளிப்படும். பிழைத்த அணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, அனாதையான தசை இழைகளையும் பற்றிக்கொள்ளும். நோய்க்குப் பிந்திய மாதங்களில் வலிமை ஓரளவு திரும்புவது இப்படித்தான். பல மடங்கு சுமை ஏற்ற அந்த அணுக்கள், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கூடுதல் கிளைகளைத் தாங்க முடியாமல் இழக்கத் தொடங்குகின்றன என்றும், போலியோவிலிருந்து மீண்டவர்கள் முதுமையில் புதிதாகத் தளர்ச்சியும் களைப்பும் அடைவதற்கு அதுவே முதன்மையான காரணம் என்றும் கருதப்படுகிறது.