சிட்டி டிராஃபிக்கில் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல்: முன்னால் போகும் வண்டிக்கும் உங்கள் காருக்கும் எவ்வளவு இடைவெளி வைப்பது?

மாலை ஆறரை மணி. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி பக்கம் வண்டிகள் ஊர்ந்து கொண்டிருக்கின்றன. அடாஸ் வசதி உள்ள கார் வாங்கியவர்களில் பலர் இந்த மாதிரி நேரத்தில்தான் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலை, சுருக்கமாக ஏசிசியை, ஆன் செய்து பார்க்கிறார்கள். இரண்டே நிமிடத்தில் ஆஃப் செய்தும் விடுகிறார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "முன்னாடி இவ்ளோ கேப் விடுது. எல்லாரும் உள்ள வந்துடுறாங்க. ஒவ்வொரு தடவையும் பிரேக் போடுது."

இது காரின் கோளாறு அல்ல. அந்த இடைவெளியை கார் எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்தால், எந்த வேகத்தில் எந்த செட்டிங் வைக்கலாம், எப்போது ஆஃப் செய்ய வேண்டும் என்பது புரிந்துவிடும்.

கார் மீட்டரில் யோசிப்பதில்லை

ஸ்டீயரிங்கில் இருக்கும் இடைவெளி பட்டனை அழுத்தினால் மீட்டர் கன்சோலில் மூன்று அல்லது நான்கு கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் இத்தனை மீட்டர் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அவை குறிப்பது தூரத்தை அல்ல, நேரத்தை. முன்னால் போகும் வண்டி ஒரு இடத்தைக் கடந்த பிறகு எத்தனை விநாடி கழித்து உங்கள் கார் அதே இடத்தைக் கடக்க வேண்டும் என்பதுதான் அந்த செட்டிங்.

ஹூண்டாய் கார்கள் பலவற்றின் ஓனர் மேனுவலில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நான்காம் நிலையில் சுமார் 52.5 மீட்டர், மூன்றாம் நிலையில் 40, இரண்டாம் நிலையில் 30, முதல் நிலையில் 25 மீட்டர் இடைவெளி இருக்கும் என்கிறது அது. 90 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். வகுத்துப் பார்த்தால் நான்காம் நிலை 2.1 விநாடி, முதல் நிலை சரியாக 1 விநாடி.

வேகம் குறைந்தால் இந்த இடைவெளியும் சுருங்கும். அப்படியே சுருங்கி, நிற்கும்போது பூஜ்ஜியம் ஆகிவிடக் கூடாது இல்லையா? அதனால் முழுதாக நிற்கும்போதும் விட வேண்டிய சில மீட்டர்களை கார் தனியாகக் கூட்டிக்கொள்ளும். ஆக, கணக்கு இவ்வளவுதான்:

தேவையான இடைவெளி = நிற்கும்போது விடும் தூரம் + (வேகம் × நேர இடைவெளி)

முன் பம்பர் அல்லது கிரில் பக்கம் இருக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார், முன்னால் உள்ள வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நம்மைவிட எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாகப் போகிறது என்ற இரண்டையும் அளக்கும். அது நம் லேனில் இருக்கிறதா, என்ன வண்டி என்பதைப் பார்க்க பல கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமராவும் உண்டு. தேவையான இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால் கார் வேகத்தைக் குறைக்கும். அதிகமாக இருந்தால் நீங்கள் செட் செய்த வேகம் வரை கூட்டும்.

ஒரு ஆட்டோ உள்ளே நுழைந்தால் என்ன நடக்கும்?

ரிங் ரோட்டில் 36 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 10 மீட்டர். நிற்கும்போது விடும் தூரம் 4 மீட்டர் என்றும் எடுத்துக்கொள்வோம். நான்காம் நிலையில் உங்கள் முன்னால் 25 மீட்டர் காலி இடம் இருக்கும். நம் ஊர் டிராஃபிக்கில் 25 மீட்டர் என்றால் அது கேப் இல்லை, அழைப்பிதழ்!

பக்கத்து லேனிலிருந்து ஒரு ஆட்டோ, உங்களுக்கு 10 மீட்டர் முன்னால், 32 கி.மீ. வேகத்தில் நுழைகிறது. கார் இப்போது அந்த ஆட்டோவிலிருந்து கணக்கைத் தொடங்கும். அந்த வேகத்துக்கு வேண்டியது சுமார் 23 மீட்டர், இருப்பது 10. குறையும் 13 மீட்டரை எப்படி மீட்பது? ஆட்டோவைவிட மெதுவாகப் போய்த்தான். விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் பின்தங்கினால் 13 விநாடி ஆகும். அதற்குள் அடுத்த ஆட்டோவோ இரண்டு பைக்குகளோ நுழைந்துவிடும். கணக்கு மறுபடியும் முதலிலிருந்து. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், பக்கத்தில் இருப்பவருக்குத் தலை சுற்றும்.

அதே ஆட்டோ, அதே 10 மீட்டர், ஆனால் செட்டிங் முதல் நிலையில் என்றால்? வேண்டியது சுமார் 13 மீட்டர். குறைவது 3 மீட்டர்தான். மூன்று விநாடியில், பிரேக் போட்டதே தெரியாமல் கார் சரிசெய்துவிடும். முன்னால் இருக்கும் காலி இடமும் 14 மீட்டர்தான் என்பதால் நுழைபவர்களும் குறைவு.

ஊர்ந்து போகும் சிட்டி டிராஃபிக்கில் சின்ன செட்டிங்தான் சுகமாக இருக்கும் என்பதற்குக் காரணம் இதுதான். 18 கி.மீ. வேகத்தில் முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் உள்ள வித்தியாசமே ஐந்தரை மீட்டர்தான். அதாவது ஒரு காருக்கும் கொஞ்சம் கூடுதலான இடம்.

அப்படின்னா எப்பவும் சின்ன கேப்பே வெச்சுக்கலாமா?

கூடாது. ஏசிசி சுகத்துக்காகச் செய்யப்பட்ட வசதி. அது முழு பலத்தோடு பிரேக் போடாது. இதற்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15622, நெடுஞ்சாலை வேகத்தில் ஏசிசி போடும் பிரேக்கை விநாடிக்கு விநாடி 3.5 மீட்டர் வேகக் குறைவு என்ற அளவுக்குள் வைக்கச் சொல்கிறது. காய்ந்த தார் ரோட்டில் ஒரு டிரைவர் பதறிப் போய் மிதித்தால் 8 வரை கிடைக்கும். கார் தானாகப் போடுவது அதில் பாதிக்கும் குறைவு.

ஃபிளைஓவரில் டிராஃபிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 72 கி.மீ. வேகத்தை எட்டிவிட்டீர்கள், செட்டிங் இன்னும் முதல் நிலையில்தான் இருக்கிறது என்று வையுங்கள். முன்னால் இருப்பவர் முழு பலத்தில் பிரேக் அடிக்கிறார். அவர் 25 மீட்டரில் நின்றுவிடுவார். உங்கள் கார் ஏசிசி பிரேக்கை மட்டும் நம்பினால், அரை விநாடி தாமதத்தையும் சேர்த்து, நிற்க சுமார் 67 மீட்டர் வேண்டும். வித்தியாசம் 42 மீட்டர். உங்களிடம் இருப்பதோ 24 மீட்டர். நான்காம் நிலையில் இருந்திருந்தால் 46 மீட்டர் இருந்திருக்கும், மயிரிழையில் தப்பிக்கலாம்.

நிஜத்தில் அவசர பிரேக் வசதி தனியாகக் குறுக்கிடலாம், நீங்களும் மிதிப்பீர்கள். ஆனால் அந்த இரண்டையும் நம்பி இடைவெளியைச் சுருக்குவது சரியான கணக்கு அல்ல. 40 கி.மீ.க்குக் கீழே முதல் நிலை, 40 முதல் 60 வரை நடு நிலை, அதற்கு மேல் பெரிய நிலை என்று பழகிக்கொள்வது நல்லது. மழை பெய்தால் எந்த வேகத்திலும் ஒரு நிலை கூட்டுங்கள். பட்டன் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பயணத்தின் நடுவே மாற்றுவதற்காகத்தான் அது இருக்கிறது.

இடைவெளியைவிட முக்கியமான இன்னொரு செட்டிங்

பலர் கவனிக்காதது, செட் செய்யும் வேகம். டிராஃபிக் 30-ல் ஊர்ந்தாலும் 80 என்றே வைத்துவிடுவார்கள். முன்னால் இருந்த கார் இடது பக்கம் திரும்பிப் போனதும் ரேடாருக்கு முன்னால் யாரும் இல்லை. கார் 80-ஐப் பிடிக்கப் பாய்கிறது, அடுத்த விநாடியே சற்றுத் தள்ளி இருக்கும் பஸ்ஸைப் பார்த்து பிரேக் போடுகிறது. குலுங்கலுக்கு இதுதான் பெரிய காரணம். டிராஃபிக் போகும் வேகத்தைவிட 5 அல்லது 10 கி.மீ. மட்டும் கூடுதலாக வையுங்கள். 30-ல் போகிறதா? 40 போதும். ஈகோ மோடில் ஏசிசியின் பிக்கப் மென்மையாகும் கார்களும் உண்டு. உங்கள் காரில் அப்படியா என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் காரில் எது இருக்கிறது?

எல்லா ஏசிசியும் நின்று நின்று போகும் டிராஃபிக்குக்கு ஏற்றது அல்ல. 'ஸ்டாப் அண்ட் கோ' உள்ள ஆட்டோமேட்டிக் கார் முழுதாக நிறுத்தி, திரும்பக் கிளப்பும். ஹூண்டாய் மாதிரியான கார்களில் சில விநாடிக்கு மேல் நின்றுவிட்டால், ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டும் அல்லது RES+ பட்டனை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் காருக்கு முன்னால் யாராவது குறுக்கே போகிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை.

குறைந்த வேகத்தில் பின்தொடரும் வசதி இல்லாத கார்களில் ஏசிசி சுமார் 30 கி.மீ.க்கு மேல்தான் வேலை செய்யும். வேகம் அதற்குக் கீழே இறங்கினால் பீப் அடித்து விலகிக்கொள்ளும். பிரேக் உங்கள் காலில்தான். ரிங் ரோடு நெரிசலில் இந்த வகை ஏசிசியால் பயன் இல்லை.

கார் பார்க்காதவை

செட்டிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் சிலவற்றை ஏசிசி நம்பகமாகப் பிடிக்காது. முதலாவது, ஏற்கெனவே நிற்கும் வண்டி. பாலம், போர்டு போன்ற அசையாத பொருள்களுக்கெல்லாம் பிரேக் போடாமல் இருக்க, அசையாதவற்றை ரேடார் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். முன்னால் போன கார் சட்டென்று லேன் மாறி, அதற்கு முன்னால் பழுதாகி நின்ற லாரி தெரிந்தால், கார் தாமதமாகப் பிரேக் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

அடுத்தது லேன் ஓரமாகப் போகும் பைக். மிக அருகில் ரேடாரின் பார்வை குறுகலானது. பைக்கின் பாதி உங்கள் பாதைக்குள் வந்த பிறகே அது கண்ணில் படும். லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் அப்படித்தான். கார் லாரியின் உடம்பிலிருந்து தூரத்தை அளக்கும், கம்பியின் நுனியிலிருந்து அல்ல.

மூன்றாவது, ஸ்பீடு பிரேக்கர். முன்னால் போகும் வண்டி அதைத் தாண்டி வேகமெடுத்ததும் உங்கள் காரும் வேகமெடுக்கும், சரியாக நீங்கள் மேட்டில் ஏறும் நேரத்தில். சிக்னல், ஸ்பீடு பிரேக்கர், யூ-டர்ன், சர்வீஸ் ரோடு இறக்கம் ஆகியவற்றுக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டு ஏசிசியை விலக்கிவிடுங்கள்.

கார் யாரைப் பின்தொடர்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மீட்டர் கன்சோலில் முன்னால் ஒரு சின்ன கார் படம் தெரியும். அது இருந்தால், முன்னால் ஏதோ ஒரு வண்டியைக் கார் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு முன்னால் வண்டி இருந்தும் அந்தப் படம் மறைந்தால், கார் அதைப் பார்க்கவில்லை. அப்போது யோசிக்காமல் காலை பிரேக்குக்குக் கொண்டு போங்கள்.