அண்ணன்மார் கதையில் வரலாற்றுச் சான்று: படுகளத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொங்கு நாட்டில் உடுக்கை ஒலியுடன் பல இரவுகள் தொடர்ந்து பாடப்பெறும் அண்ணன்மார் கதை, பொன்னர், சங்கர் எனும் உடன்பிறந்தாரின் வாழ்வையும் வீழ்ச்சியையும் கூறுகிறது. இவர்களுக்குக் கோயிலும் வழிபாடும் உண்டு. ஆனால் இவர்கள் வாழ்ந்த காலத்தைக் காட்டும் கல்வெட்டாக எதுவும் உறுதிப்படவில்லை. எனவே பாட்டே முதற்சான்றாகிறது. அதனை எவ்வாறு படிப்பது என்பதே சிக்கல்.

கதையில் நிலம் வழங்குபவன் சோழன். இதனைக் கொண்டு காலம் கணிக்க முயல்வோர் உளர். ஆனால் அச்சோழனுக்குப் பாட்டில் தனிப்பெயரோ, பிற சான்றுகளோடு பொருந்தும் செயலோ தெளிவாக இல்லை. சோழராட்சி 13ஆம் நூற்றாண்டில் முடிந்த பின்னரும், உரிமை வழங்கும் பேரரசனுக்குரிய பெயராகச் ‘சோழன்’ நாட்டார் நினைவில் நிலைத்துவிட்டது. ஆதலின் அச்சொல் நில உரிமைக்கு நியாயம் தேடுகிறதேயன்றி ஆண்டைக் காட்டவில்லை.

பாடம் எவ்வாறு உருவாகிறது என்பதையும் நோக்க வேண்டும். பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் வட்டாரத்தில் இக்கதையைப் பதிவு செய்தார். அவையோர் முன் பாடப்பெற்ற வடிவத்தையும், அதே பாடகர் எழுதுவோருக்குச் சொன்ன வடிவத்தையும் அவர் ஒப்பிட்டுள்ளார். எழுதச் சொன்னது சுருங்கியது. அவை முன் பாடியது விரிந்தது. எனவே ஒரு நிகழ்ச்சியின் விரிவு மட்டும் அதன் உண்மைக்குச் சான்றாகாது. அழுகை, போர், வேட்டை ஆகியவை கேட்போரின் ஈடுபாட்டால் நீள்வன.

எனினும் வடிவந்தோறும் மாறாத எலும்புக்கூடு ஒன்று உண்டு. உழவர் வயலை அழிக்கும் கொம்பன் எனும் காட்டுப்பன்றி, காட்டைச் சார்ந்த வேட்டுவர், அவர்தம் தலைவன் தலையூர்க் காளி, வளநாட்டு எல்லை ஆகியவை அதன் உறுப்புகள். பன்றியின் பேராற்றல் புனைவு. விளைநிலம் காட்டோடு மோதிய இடத்தில் பயிர் அழிந்த அச்சம் புனைவன்று. காளியைத் தம் முன்னோனாகக் கருதும் வேட்டுவர் நினைவும் கொங்கில் உண்டு. இருதரப்பும் ஒப்பும் செய்திக்கு வலிமை மிகுதி. ஒருதரப்பு மட்டும் கூறும் வஞ்சனைக்கும் பழிக்கும் குறைவு. உழவர் தரப்பில் மட்டும் பாடம் தொகுத்து ‘வரலாறு’ எழுதுவது இங்குதான் பிழைபடுகிறது.

வீரப்பூர் மாசி விழாவில் பாட்டு சடங்காகிறது. படுகளத்தில் சிலர் அருள் வந்து பிணம்போல் வீழ்கின்றனர். தங்கை தங்காளின் நிலையில் நின்று நீர் தெளித்து அவர்கள் எழுப்பப்படுகின்றனர். களத்தின் இடமும் முறையும் ஆண்டுதோறும் கூட்டத்தின் முன் மீள நிகழ்வதால், தனிப் பாடகர் அவற்றை எளிதில் மாற்றவியலாது. வீரர் அங்கு இறந்ததை இச்சடங்கு மெய்ப்பிக்காது. அங்கு இறந்தனர் என்னும் நினைவு ஒரு வட்டாரத்தின் உடைமையாகப் பேணப்பட்டதை மட்டும் அது மெய்ப்பிக்கிறது. வீரரின் பிறப்பாண்டு குறித்துக் கேட்டால் பாட்டு வாய் திறப்பதில்லை. நிலம் யாருடையது என்று கேட்டால் விடியும்வரை பேசுகிறது.